ஸ்கிப் பொத்தானின் கணக்கு

யூடியூபில் ஒரு வீடியோ தொடங்குமுன்போ அதன் இடையிலோ ஓடும் விளம்பரங்களில் மூன்று வகைகள் முக்கியமானவை. முதலாவது பம்பர் விளம்பரம். இது 6 விநாடிக்கு மேல் ஓடாது. பார்வையாளர் இதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாவது ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரம். 5 விநாடி கழிந்ததும் திரையின் ஓரத்தில் ஸ்கிப் பொத்தான் தோன்றும். விரும்பாதவர் அதை அழுத்திவிட்டுத் தான் பார்க்க வந்த வீடியோவுக்குப் போகலாம். மூன்றாவது ஸ்கிப் செய்ய முடியாத விளம்பரம். நாட்டு வழக்கைப் பொறுத்து இது பெரும்பாலும் 15 அல்லது 20 விநாடி ஓடும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் யூடியூப் பார்ப்பவர்களுக்கு 30 விநாடி விளம்பரங்களும் வருவதுண்டு.

வெளியே தெரியும் வேறுபாடு நீளத்தில்தான். விளம்பரதாரரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய வேறுபாடு, எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. பெயரைப் பரப்புவதற்கு எந்த வகை, பொருளை உடனே விற்பதற்கு எந்த வகை என்ற கேள்விக்கான விடையும் அதிலிருந்தே கிடைக்கிறது.

மூன்று வகைகளும் வந்த வழி

தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுப்பவர் நேரத்தை விலைக்கு வாங்குகிறார். அந்த நேரத்தில் பெட்டிக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா, காபி போட எழுந்து போனார்களா என்பது அவருக்குத் தெரியாது. இணைய வீடியோவின் தொடக்க காலத்திலும் இதே முறைதான் இருந்தது. தொலைக்காட்சிக்கு எடுத்த 30 விநாடிப் படத்தை அப்படியே வீடியோவுக்கு முன்னால் ஒட்டினார்கள். இரண்டு நிமிட வீடியோவைப் பார்க்க வந்தவர் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பலர் காத்திருக்காமல் பக்கத்தையே மூடினார்கள்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள், 'ட்ரூவியூ' என்ற பெயரில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தைக் கொண்டுவந்தது. பார்வையாளர் தாண்டிப் போனால் விளம்பரதாரர் காசு தர வேண்டாம் என்பது அதன் அடிப்படை விதி. 2016இல் 6 விநாடி பம்பர் வந்தது. கைபேசியில் சிறு சிறு வீடியோக்களைப் பார்க்கும் பழக்கம் பெருகியிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே, 30 விநாடி ஸ்கிப் செய்ய முடியாத விளம்பரங்களை 2018 முதல் கைவிடப்போவதாக கூகுள் அறிவித்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நீளம் திரும்பி வந்தபோது, கைபேசியை விட்டுவிட்டுத் தொலைக்காட்சித் திரையில் இடம் பிடித்தது. சோபாவில் சாய்ந்து முக்கால் மணி நேர நிகழ்ச்சி பார்ப்பவரின் பொறுமையும், பேருந்தில் நின்றபடி கைபேசியைப் புரட்டுபவரின் பொறுமையும் ஒன்றல்ல.

எதற்குக் காசு?

பம்பருக்கும் ஸ்கிப் செய்ய முடியாத விளம்பரத்துக்கும் கட்டணம் சி.பி.எம். முறையில் கணக்காகிறது. விளம்பரம் ஒரு திரையில் ஒருமுறை தோன்றினால் அது ஓர் இம்ப்ரெஷன். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்று விலை. பார்த்தவர் ரசித்தாரா, முகம் சுளித்தாரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்துக்கான பழைய, பரவலான முறை சி.பி.வி. ஒரு 'வியூ'வுக்கு இவ்வளவு என்பது இதன் பொருள். பார்வையாளர் 30 விநாடி பார்த்தால் அது ஒரு வியூ. விளம்பரமே 30 விநாடிக்குக் குறைவு என்றால் கடைசிவரை பார்க்க வேண்டும். அதற்கு முன்பே விளம்பரத்தைத் தொட்டு விளம்பரதாரரின் தளத்துக்குப் போனாலும் கட்டணம் உண்டு. ஏழாவது விநாடியில் தாண்டிப் போனவருக்குக் கட்டணம் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். செக்கு எண்ணெய் விற்கும் சிறு நிறுவனம் ஒன்று, தன் புதிய பெயரை அறிமுகப்படுத்த 1 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது என்று கொள்வோம். இனி வரும் விலைகளும் விகிதங்களும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உண்மை விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். தீபாவளிக்கு முன்பு எல்லா விளம்பரதாரர்களும் ஒரே நேரத்தில் வருவதால் ஏறும்.

பம்பருக்கு ஆயிரம் இம்ப்ரெஷன் 100 ரூபாய் என்றால், 1 லட்சம் ரூபாய்க்கு 10 லட்சம் இம்ப்ரெஷன் கிடைக்கும். ஒருவருக்கு நான்கு முறை காட்டினால் இரண்டரை லட்சம் பேரை அடையலாம். ஸ்கிப் செய்ய முடியாத 15 விநாடி விளம்பரத்துக்கு விலை இரண்டு மடங்கு என்றால் 5 லட்சம் இம்ப்ரெஷன். அதே இரண்டரை லட்சம் பேருக்கு ஆளுக்கு இரண்டு முறைதான் காட்ட முடியும்.

ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தில் ஒரு வியூவுக்கு 40 காசு என்றால், அதே பணத்துக்கு இரண்டரை லட்சம் வியூ. நூற்றில் 25 பேர் தாண்டாமல் பார்க்கிறார்கள் என்றால், இந்த வியூக்களைப் பெற விளம்பரம் 10 லட்சம் முறை தோன்றியிருக்க வேண்டும். அவற்றில் ஏழரை லட்சம் முறை, முதல் சில விநாடிகள் காசில்லாமலே காட்டப்பட்டிருக்கின்றன.

இலவசத்துக்கும் எல்லை உண்டு

இந்த ஏழரை லட்சத்தைப் பார்க்கும் விளம்பரதாரருக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றும். முதல் 5 விநாடிக்குள் பெயரையும் பொருளையும் அடித்துச் சொல்லிவிட்டு, மீதியை யாரும் பார்க்காதபடி சலிப்பாக எடுத்துவிட்டால் எல்லாமே இலவசமாகிவிடாதா?

ஆகாது. ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் பின்னால் ஓர் ஏலம் நடக்கிறது. வியூ கணக்கில் விலை கேட்பவரையும் இம்ப்ரெஷன் கணக்கில் விலை கேட்பவரையும் ஒரே தராசில் நிறுத்த, ஆயிரம் முறை காட்டினால் ஒவ்வொருவரிடமிருந்தும் எவ்வளவு வரும் என்று ஏல முறை மதிப்பிடுகிறது. மேலே சொன்ன விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டினால் 250 வியூ. 40 காசு வீதம் 100 ரூபாய். அதாவது பம்பருக்குச் சமம். நூற்றுக்கு 10 பேர் மட்டுமே பார்க்கும் விளம்பரம் என்றால் ஆயிரம் முறைக்கு 40 ரூபாய்தான் தேறும். அந்த விளம்பரம் ஏலத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும். ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடப்பது அதற்கான அடையாளம். அப்போது விளம்பரதாரர் விலையை ஏற்ற வேண்டும், இல்லையெனில் பார்க்கத் தகுந்த படமாக எடுக்க வேண்டும்.

முதல் 5 விநாடியை நேர்மையாகவே பயன்படுத்திய ஒரு முன்னுதாரணம் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான கெய்கோ 2015இல் வெளியிட்ட விளம்பரம். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருக்கிறது. சில விநாடிகளில் செய்தி முடிந்து, நிறுவனத்தின் பெயரும் வந்துவிடுகிறது. "இந்த விளம்பரத்தை நீங்கள் தாண்ட முடியாது, ஏனென்றால் அது முடிந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு குரல் சொல்கிறது. அதன்பின் நடிகர்கள் சிலைபோல் உறைந்திருக்க, வீட்டு நாய் மேசைமேல் ஏறித் தட்டுகளைக் காலிசெய்கிறது. தாண்டிப் போகிறவருக்கும் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. தாண்டாமல் இருக்கவோ ஒரு நாய் காரணமாயிற்று. அந்த ஆண்டு கேன்ஸ் லயன்ஸ் விழாவில் திரைப் பிரிவின் உயரிய விருதை அது பெற்றது.

பெயரைப் பரப்ப

பிராண்டு அறிமுகம் என்பது, கடையில் நிற்கும்போது ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும் என்ற நோக்கம். அதற்குப் பலரை அடைய வேண்டும், சிலமுறை திரும்பத் திரும்ப அடைய வேண்டும், பெயர் கட்டாயம் காதில் விழ வேண்டும். இம்ப்ரெஷனுக்கு விலை கொடுக்கும் வகைகள் இந்த மூன்றையும் தருகின்றன.

பம்பரின் பலம் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. 6 விநாடியில் கதை சொல்ல முடியாது. ஒரு காட்சி, ஒரு சொற்றொடர், ஒரு பெயர், அவ்வளவுதான் கொள்ளும். மரச்செக்கு சுழல்கிறது, எண்ணெய் சொட்டுகிறது, பெயர் வருகிறது. இதற்குமேல் விலை, தள்ளுபடி, தொலைபேசி எண் என்று அடைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. 30 விநாடிப் படத்தை வெட்டிச் சுருக்கிப் பம்பர் ஆக்குபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. சுருக்கிய படத்தில் எல்லாம் இருக்கும், எதுவும் பதியாது.

மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரை நினைவூட்டப் பம்பர் போதும். பொருளே புதிது, அது என்ன என்று சொல்லியாக வேண்டும் என்றால் ஸ்கிப் செய்ய முடியாத 15 விநாடி உதவும். சாதாரண எண்ணெய்க்கும் செக்கு எண்ணெய்க்கும் என்ன வேறுபாடு என்று காட்ட 6 விநாடி போதாது. ஒரு திரைப்படத்தின் வெளியீட்டுத் தேதியைப் போல, குறிப்பிட்ட நாளுக்குள் பலருக்கும் முழுச் செய்தி போய்ச் சேர வேண்டிய நேரத்திலும் இந்த வகை கைகொடுக்கும். விலை கூடுதல் என்பது ஒரு குறை. கட்டாயத்தால் வரும் எரிச்சல் மற்றொன்று. ஒரே விளம்பரம் ஒரே மாலையில் ஐந்தாறு முறை வந்தால் பெயர் பதியும்தான், ஆனால் வெறுப்போடு பதியும். அதனால்தான் ஒருவருக்கு ஒரு வாரத்தில் இத்தனை முறைக்கு மேல் காட்டக் கூடாது என்ற உச்சவரம்பை விளம்பரதாரரே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

இந்த வகைகளின் பலனைச் சொடுக்குகளை எண்ணி அளப்பது பிழை. 6 விநாடியில் யாரும் தளத்துக்குப் போக அவசரப்படுவதில்லை. 'முழுவதும் பார்த்தோர் விகிதம்' என்ற எண்ணும் இங்கே எதையும் சொல்லாது. தாண்டவே முடியாத விளம்பரத்தை ஏறக்குறைய எல்லோரும் முழுவதும் பார்த்ததாகத்தான் கணக்கு காட்டும்.

சரியான அளவுகோல் நினைவைச் சோதிப்பது. கூகுளின் 'பிராண்டு லிஃப்ட்' ஆய்வு அதைச் செய்கிறது. விளம்பரம் பார்க்கத் தகுதியான பார்வையாளர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு குழுவுக்கு விளம்பரம் காட்டப்படுகிறது, மற்றதற்கு இல்லை. பிறகு இருவரிடமும், இவற்றில் எந்த நிறுவனத்தின் விளம்பரத்தை அண்மையில் பார்த்தீர்கள் என்று ஒரு சிறு கேள்வி. பார்க்காத குழுவில் நூற்றுக்கு 20 பேரும் பார்த்த குழுவில் 28 பேரும் செக்கு எண்ணெயின் பெயரைச் சொன்னால், விளம்பரத்தின் பலன் அந்த 8. இரண்டரை லட்சம் பேரில் அது 20 ஆயிரம் பேர். ஒரு புதிய நினைவுக்கு 5 ரூபாய் செலவு. பார்க்காதவர்களிலும் 20 பேர் பெயரைச் சொல்வதில் வியப்பில்லை; சிலர் ஊகிப்பார்கள், சிலர் வேறெங்கோ பார்த்திருப்பார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால் அந்த 20ஐயும் விளம்பரத்தின் வெற்றியாக எண்ணிவிட நேரும்.

இந்த ஆய்வுக்குக் குறிப்பிட்ட அளவு செலவு செய்திருக்க வேண்டும் என்பதால் சிறு நிறுவனங்களுக்கு எட்டுவதில்லை. அவர்கள் விளம்பரம் ஓடிய வாரங்களில் தங்கள் பெயரை கூகுளில் தேடியவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று பார்க்கலாம். துல்லியம் குறைவு என்றாலும் திசை தெரியும்.

உடனே விற்க

நேரடி விற்பனை வேறு நோக்கம். பார்த்தவர் இன்றே பதிவு செய்ய வேண்டும், ஆர்டர் கொடுக்க வேண்டும், எண்ணைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இங்கே எல்லோரையும் அடைவது தேவையில்லை. வாங்கக்கூடியவரை அடைந்தால் போதும். இதற்கு ஸ்கிப் செய்யக்கூடிய வகையே ஏற்றது.

காரணம் அந்தப் பொத்தானே. அது ஒரு சல்லடைபோல வேலை செய்கிறது. எண்ணெயில் அக்கறை இல்லாதவர் ஆறாவது விநாடியில் போய்விடுகிறார். நாற்பதாவது விநாடிவரை இருப்பவர், யாரும் வற்புறுத்தாமல் தானாக இருக்கிறார். நீளத்துக்குக் கட்டுப்பாடு குறைவு என்பதால் அவருக்கு முழு விவரத்தையும் சொல்ல முடியும்: செக்கில் ஆட்டுவதைக் காட்டலாம், வீட்டுக்கு எத்தனை நாளில் வரும், என்ன விலை, எங்கே தொட வேண்டும் என்று சொல்லலாம். விளம்பரத்தோடு ஒரு பொத்தானும் ஒட்டியிருக்கும். பெயர் பரப்பும் விளம்பரத்தில் முதல் 5 விநாடிக்குள் நிறுவனப் பெயர் வர வேண்டும். விற்பனை விளம்பரத்திலோ அந்த விநாடிகள், "வீட்டுக்கு எண்ணெய் வாங்குபவரா நீங்கள்?" என்று உரியவரை நிறுத்தி, மற்றவரை வழியனுப்ப வேண்டும்.

கணக்கைத் தொடர்வோம். ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரம் 10 லட்சம் முறை தோன்றுகிறது. ஆயிரத்துக்கு 4 பேர் தொட்டுத் தளத்துக்குப் போனால் 4,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 2 பேர் வாங்கினால் 80 ஆர்டர். 1 லட்சத்தை 80ஆல் வகுத்தால், ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 1,250 ரூபாய். இதே வேலையைப் பம்பருக்குக் கொடுத்து, ஆயிரத்துக்கு ஒருவரே தொட்டால் 1,000 பேர், 20 ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய்.

பம்பரை வென்றுவிட்டதால் ஸ்கிப் வகை லாபம் தந்துவிட்டதாகாது. ஓர் ஆர்டரில் நிறுவனத்துக்கு மிஞ்சுவது 400 ரூபாய் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் 850 ரூபாய் நட்டம். அதே வாடிக்கையாளர் ஆண்டுக்கு நான்கு முறை வாங்குவார் என்று பழைய கணக்கேடு காட்டினால், 1,600 ரூபாய் வரவுக்கு 1,250 செலவு, தாங்கும். ஒருமுறையோடு நின்றுவிடும் பொருள் என்றால் தாங்காது. பத்து ரூபாய் சோப்புக்கு நேரடி விற்பனை விளம்பரம் வராததும், படிப்பு, காப்பீடு, வீட்டுமனை போன்றவற்றுக்கு வந்துகொண்டே இருப்பதும் இந்தக் கணக்கால்தான்.

நோக்கத்தைச் சொன்னால் ஆள் மாறுவார்

வகையைத் தேர்வதோடு வேலை முடிவதில்லை. ஒரே ஸ்கிப் விளம்பரத்தை வெவ்வேறு நோக்கத்தில் ஏலத்துக்கு விடலாம். அதிகம் பேரை அடைவதே குறிக்கோள் என்று கொடுத்தால், கட்டணம் இம்ப்ரெஷன் கணக்குக்கு மாறி, குறைந்த செலவில் கிடைக்கும் புதுப்புது ஆட்களை ஏல முறை தேடும். ஆர்டர்தான் குறிக்கோள் என்றால், இதற்கு முன் வாங்கியவர்களைப் போன்றவர்களைத் தேடும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். விற்பனையை எதிர்பார்த்துக்கொண்டு வியூவைக் குறிக்கோளாக வைப்பவருக்கு, வீடியோக்களை முழுவதும் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் கிடைப்பார்கள். வாங்கும் பழக்கமுள்ளவர்கள் கிடைக்க வேண்டியதில்லை. அறிக்கையில் வியூ லட்சக்கணக்கில், ஆர்டர் விரல்விட்டு எண்ணும் அளவில் என்றால் இதுவே முதல் சந்தேகம்.

ஆர்டர்களிலிருந்து ஏல முறை கற்றுக்கொள்ள, ஆர்டர்கள் வந்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று மட்டுமே வந்தால் அதற்குக் கற்க ஒன்றுமில்லை. அப்போது கூடையில் பொருளைச் சேர்த்தது, படிவம் திறந்தது போன்ற முந்தைய படியைக் குறிக்கோளாக வைப்பது வழக்கம்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

விற்பனைக் கணக்கில் இரண்டு பொய்த் தோற்றங்கள் உண்டு. ஒன்று, தவறிப் பட்ட விரல். ஸ்கிப்பை அழுத்தப் போய் விளம்பரத்தையே தொட்டுவிடுவது கைபேசியில் சாதாரணம். தொட்டவர்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறி, அவர்கள் தளத்தில் இரண்டு விநாடிகூட நிற்கவில்லை என்றால், அது ஆர்வம் அல்ல.

இரண்டாவது நுட்பமானது. விளம்பரத்தைத் தொடாமலே, பார்த்துவிட்டுப் பிறகு தானாக வந்து வாங்குபவர்களும் உண்டு. ஸ்கிப் விளம்பரத்தில் 10 விநாடியாவது பார்த்தவர், குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் அதை விளம்பரத்தின் வரவில் எழுதும் வழக்கம் இருக்கிறது. அது நியாயம்தான், ஆனால் எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவரும் அதே வரவில் சேர்ந்துவிடுகிறார். நேற்றுத் தளத்துக்கு வந்து கூடையை நிரப்பிவிட்டுப் போனவருக்கு மட்டும் விளம்பரம் காட்டினால் எண்கள் பிரமாதமாக இருப்பது இதனால்தான். உண்மையைத் தெரிந்துகொள்ள, ஏறக்குறைய ஒரே மாதிரி விற்பனையுள்ள மாவட்டங்களை இரு கூறாக்கி, ஒன்றில் விளம்பரத்தை ஓட்டி, மற்றதில் சில வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்திய மாவட்டங்களில் விற்பனை குறையவில்லை என்றால், அறிக்கையில் இருந்த ஆர்டர்கள் விளம்பரத்தால் வந்தவை அல்ல.

நடைமுறையில் பெரிய நிறுவனங்கள் மூன்று வகைகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துகின்றன. ஸ்கிப் செய்ய முடியாத 15 விநாடியில் பொருளை விளக்கி, பம்பரால் பெயரை நினைவில் வைத்து, ஆர்வம் காட்டியவர்களுக்கு ஸ்கிப் செய்யக்கூடிய நீண்ட விளம்பரத்தைக் காட்டி ஆர்டர் கேட்பது ஒரு வரிசை. 1 லட்சம் ரூபாயை மூன்றாகப் பிரித்தால் எந்தக் கட்டத்திலும் போதிய எண்ணிக்கை சேராது. அந்த அளவு பணம் உள்ளவர், பெயர் தெரிய வேண்டுமா, ஆர்டர் வர வேண்டுமா என்று ஒன்றைத் தீர்மானித்து, அதற்குரிய வகையில் முழுத் தொகையையும் போட்டு, அதற்குரிய அளவுகோலால் மட்டுமே அதை அளக்க வேண்டும்.